பெயரைச் சூத்திரம் போட்டு எழுத முடியுமா?

மாணவர்களே, மேலே படிப்பதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, உங்களை அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அதை ரோமன் எழுத்தில், அதாவது பாரங்களில் நாம் எழுதும் ஏ, பி, சி எழுத்தில், எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மைகார்ட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். என் வகுப்பில் செய்து பார்த்தபோது பாதிப் பேருக்குக்கூட ஒத்துப்போகவில்லை.

இந்தச் சோதனை எனக்குத் தோன்றியதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. பள்ளிகளுக்கு இடையிலான ஓர் அறிவியல் விழாவுக்கு எங்கள் பள்ளியிலிருந்து 43 பேர் போனார்கள். தமிழ்மொழிக் கழகம் வழியாகப் பெயர் கொடுத்ததால் எல்லாரும் தமிழிலேயே எழுதித் தந்திருந்தார்கள். ஏற்பாட்டாளர்களோ சான்றிதழ் அச்சிட ரோமன் எழுத்தில் பட்டியல் கேட்டார்கள். என்னிடம் முந்தைய ஆண்டின் எக்செல் கோப்பு இருந்தது. அதில் ஒரு பத்தியில் தமிழ்ப் பெயரும் இன்னொரு பத்தியில் ரோமன் எழுத்துக்கூட்டலும் இருந்தன. தமிழ்ப் பெயரைத் தேடி ரோமன் எழுத்தை எடுத்து வரும்படி ஒரு சூத்திரம் போட்டேன். கிடைக்காதவற்றைக் காதில் ஒலிக்கிறபடி நானே தட்டச்சு செய்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று மகிழ்ச்சியாக இருந்தேன்.

சான்றிதழ்கள் வந்த நாளில் படிவம் ஒன்று மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். இங்கே அவளை யாழினி என்று வைத்துக்கொள்வோம். "டீச்சர், இது என் பேரு இல்ல. படிவம் அஞ்சு அக்கா பேரு" என்றாள். அவள் பிறப்புப் பத்திரத்தில் இருப்பது Yazhini. சான்றிதழில் இருந்தது Yalini. மூத்த மாணவி Yalini முந்தைய ஆண்டுப் பட்டியலில் இருந்தாள். தமிழில் இருவரும் யாழினிதான். என் சூத்திரம் முதலில் கண்ட யாழினியை எடுத்து வந்து வைத்துவிட்டது. கணினி தவறு செய்யவில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு.

அன்றிலிருந்து எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. தமிழ்ப் பெயருக்கு ரோமன் எழுத்துக்கூட்டல் என்பது கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் விடை அன்று. அது அளந்து குறித்து வைக்கும் ஒரு தரவு. ஆய்வகத்தில் வெப்பமானியைப் பார்க்காமல் "இவ்வளவுதான் இருக்கும்" என்று அறிக்கையில் வெப்பநிலையை எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். பெயரிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஏன் கணக்கிட முடியாது என்று கேட்பீர்கள். கணக்கிட்டுத்தான் பார்ப்போமே.

விரிதாளில் ஒரு கட்டத்தில் முருகன் என்று தட்டச்சு செய்து, பக்கத்துக் கட்டத்தில் LEN என்ற சூத்திரத்தைப் போடுங்கள். நாம் எண்ணினால் மு, ரு, க, ன் என்று நான்கு எழுத்து. கணினி 7 என்று சொல்லும். ஏனென்றால் யுனிகோட் முறையில் 'மு' என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. முதலில் 'ம', அடுத்து உகரக் குறி என்று இரண்டாக இருக்கிறது. 'ன்' என்பதும் அப்படியே, 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. ஆக ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு. திரையில் காணும் எழுத்து வேறு, உள்ளே இருக்கும் குறியீடு வேறு.

இது தெரியாமல் பெயர் மாற்றச் சூத்திரம் எழுதுபவர்கள் முதல் அடியிலேயே சறுக்குவார்கள். 'ம' வந்தால் ma, 'ர' வந்தால் ra, உகரக் குறி வந்தால் u என்று மாற்றினால் முருகன் என்பது maurau என்று ஆரம்பிக்கும். 'ம' என்ற எழுத்துக்குள்ளேயே ஓர் அகரம் ஒளிந்திருக்கிறது. குறியோ புள்ளியோ பின்னால் வரும்போது அந்த அகரம் போய்விட வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. முதலில் மெய்களை எல்லாம் அகரத்தோடு மாற்றிவிடுங்கள். பிறகு, அகரத்தை அடுத்து உகரக் குறி இருந்தால் அந்த இரண்டையும் சேர்த்து u ஆக்குங்கள். அகரத்தை அடுத்துப் புள்ளி இருந்தால் இரண்டையும் நீக்கிவிடுங்கள். உகரக் குறியின் குறியீட்டு எண் 3009, புள்ளியின் எண் 3021.

```
=SUBSTITUTE(C2,"a"&UNICHAR(3009),"u")
=SUBSTITUTE(D2,"a"&UNICHAR(3021),"")
```

C2 கட்டத்தில் மெய்கள் மாறிய வடிவமும், D2 கட்டத்தில் முதல் வரியின் விடையும் இருப்பதாகக் கொள்ளுங்கள். முடிவில் murukan என்று வரும். இதுவரை எழுத்துக்கு எழுத்து மாற்றம்தான், தவறு ஏதும் இல்லை. ஆனால் எந்த முருகனும் தன் பெயரை அப்படி எழுதுவதில்லை. Murugan என்றுதான் எழுதுவார்கள். சரி, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ககரத்தை g ஆக்கு என்று இன்னொரு விதி சேர்ப்போம். Murugan சரியாக வந்துவிட்டது. ஆனால் அடுத்த வரிசையில் மகேஷ் இருக்கிறார். அதே இடத்தில், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே, அதே ககரம். நம் விதி Magesh என்று தரும். அவர் மைகார்ட்டில் Mahesh என்று இருக்கலாம். Magesh என்றும் இருக்கலாம், இந்த நாட்டில் இரண்டும் உண்டு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே ஒன்று. குமாரில் ஒரு விதமாக, சங்கரில் ஒரு விதமாக, மகேஷில் ஒரு விதமாக ஒலிக்கிறது. சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பார்த்துத் தமிழ்ச் சொற்களுக்கு ஒலியை ஊகிக்கலாம். வடமொழியிலிருந்து வந்த பெயர்களுக்கு அந்த ஊகம் பலிக்காது. கணேசன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து Kanesan என்பதா, Ganesan என்பதா? தினேஷ் என்பவர் Thinesh ஆகவும் இருப்பார், Dinesh ஆகவும் இருப்பார். பாலன் என்றால் Palan, Balan இரண்டும் உண்டு. இதில் எது என்று சொல்லும் தகவல் தமிழ் எழுத்தில் இல்லவே இல்லை. இல்லாத தகவலை எவ்வளவு நீளமான சூத்திரமும் வெளியே எடுக்க முடியாது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10 என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த இரண்டு எண்கள் எவை என்று கேட்பது போன்றது இது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். Kala என்று ரோமன் எழுத்தில் இருந்தால் அது கலாவா, காலாவா, களாவா? நெடிலும் குறிலும் லகர ளகரமும் அங்கே கரைந்துவிடுகின்றன. ஆகவே ரோமன் பட்டியலைத் தமிழாக்கி, அதை மறுபடி ரோமனாக்கிச் சரிபார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

"உலகத் தர முறை ஒன்று இருக்கிறதே டீச்சர்" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஐ.எஸ்.ஓ. 15919 என்ற தரம் 2001-இல் வெளிவந்தது. அதன்படி முருகன் என்பது murukaṉ, கணேசன் என்பது kaṇēcaṉ. எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி அடையாளம் கொடுப்பதால், திரும்பவும் தமிழுக்குத் தவறில்லாமல் கொண்டுவரலாம். நூலகப் பட்டியலுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அது பொருத்தம். ஆனால் உங்கள் கடப்பிதழின் அடியில் கணினி படிக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். அங்கே A முதல் Z வரை, 0 முதல் 9 வரை, பிறகு < என்ற குறி, இவ்வளவுதான் அனுமதி. கோடு போட்ட ஆகாரத்துக்கு அங்கே இடமில்லை. a/l என்பதில் உள்ள சாய்கோட்டுக்கும் இடமில்லை. அப்படியே இடம் இருந்தாலும், kaṇēcaṉ என்ற பெயரில் யாருக்கும் மைகார்ட் கிடையாது.

a/l என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இது நம் ஊருக்கே உரிய சிக்கல். தமிழில் நாம் த/பெ என்று எழுதுகிறோம். தந்தை பெயர் என்பதன் சுருக்கம் அது. மகனுக்கும் அதுதான், மகளுக்கும் அதுதான். மலாயில் அப்படி இல்லை. மகன் என்றால் anak lelaki, சுருக்கமாக a/l. மகள் என்றால் anak perempuan, சுருக்கமாக a/p. ஆக த/பெ என்பதைத் தேடி a/l என்று ஒரே தட்டில் மாற்றினால் பட்டியலில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் மகன்களாகிவிடுவார்கள். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கலாம் என்றால், மணி, கலை போன்ற பெயர்களுக்கு என்ன செய்வீர்கள்? அதோடு, சில குடும்பங்கள் a/l, a/p இல்லாமலேயே பிள்ளையின் பெயரைப் பதிந்திருக்கின்றன. அவர்களுக்கு நாம் அன்போடு சேர்த்துக் கொடுத்தாலும் அது பிழைதான்.

சரி, பட்டியலை எப்படித்தான் செய்வது? நான் இப்போது வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். பெரிய வித்தை எதுவும் இதில் இல்லை.

முதல் பத்தியில் வரிசை எண். இது மாணவருக்கு ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் பள்ளியை விட்டுப் போனாலும் அந்த எண் வேறு யாருக்கும் போகாது. இரண்டாவது பத்தியில் மாணவர் எழுதித் தந்த தமிழ்ப் பெயர். மூன்றாவதில், நான் மேலே சொன்ன மாற்றத்தால் கிடைக்கும் வரைவு. இடைப்படிகளை எல்லாம் வேறொரு தாளில் மறைத்துவிட்டு விடையை மட்டும் இங்கே கொண்டுவருகிறேன். நான்காவதில் பிறப்புப் பத்திரத்திலோ மைகார்ட்டிலோ உள்ளபடி பார்த்து எழுதிய பெயர். எந்தப் பாரத்துக்கும் நான்காவது பத்தியில் இருப்பதுதான் போகும். நான்காவது காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். வரைவை அங்கே நகர்த்தி வைக்கும் ஆசையை அடக்க வேண்டும். காலிக் கட்டம் எனக்கு இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறது. ஊகித்து நிரப்பிய கட்டம் வேலை முடிந்ததாகப் பொய் சொல்கிறது.

அப்படியானால் மூன்றாவது பத்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிழை பிடிப்பதற்கு. நான்காவதில் உள்ள பெயர் வரைவிலிருந்து சிறிது மாறினால் அது இயல்பு. முழுக்க மாறினால், வரிசை இடம் பெயர்ந்து ஒருவர் பெயர் இன்னொருவர் எதிரே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வரைவில் kanesan, பக்கத்தில் THINESH என்று இருந்தால் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

பழைய கோப்பிலிருந்து தகவல் எடுக்கும்போது நான் செய்த தவறு இதுதான்:

```
=VLOOKUP(B2,Lama!B:D,3,FALSE)
```

B பத்தியில் தமிழ்ப் பெயர். Lama என்பது பழைய பட்டியல் இருந்த தாள். இந்தச் சூத்திரம் மேலிருந்து கீழே தேடி, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். இரண்டாவது யாழினி இருக்கிறாளா என்று அது பார்ப்பதே இல்லை. பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் இது ஆபத்து. இப்போது நான் தேடுவது வரிசை எண்ணை வைத்து:

```
=VLOOKUP(A2,Lama!A:D,4,FALSE)
```

புதிதாகச் சேர்ந்த யாழினிக்குப் பழைய கோப்பில் எண் இல்லை. ஆகவே கட்டத்தில் #N/A என்று வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அதுதான் நேர்மையான விடை.

வரிசை எண்ணுக்குப் பதில் அடையாள அட்டை எண்ணையே வைத்தால் என்ன என்று தோன்றும். இரண்டு காரணங்களுக்காக நான் அதைத் தவிர்க்கிறேன். ஒன்று, இந்தக் கோப்பு பல பேர் கைக்குப் போகும், வாட்ஸாப் குழுவுக்கும் போய்விடும். எல்லாருடைய அடையாள எண்ணும் அதில் போக வேண்டியதில்லை. மற்றொன்று, நீங்கள் எல்லாரும் 2000-க்குப் பின் பிறந்தவர்கள். 2009-இல் பிறந்தவரின் எண் 09 என்று தொடங்கும். இடைக்கோடு இல்லாமல் 12 இலக்கத்தையும் சேர்த்துத் தட்டினால் விரிதாள் அதை ஓர் எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். 11 இலக்கம்தான் மிஞ்சும். பாரத்தில் அந்த எண் கட்டாயம் வேண்டும் என்றால், தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'Text' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது பத்தியை நிரப்புவதில் ஓர் ஆய்வகப் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒரே அளவீட்டை இருவர் தனித்தனியாக எடுப்பது. பிறப்புப் பத்திர நகலைப் பார்த்து நான் ஒருமுறை தட்டச்சு செய்கிறேன். என் பத்தியைப் பார்க்காமல் இன்னோர் ஆசிரியர் வேறொரு பத்தியில் தட்டச்சு செய்கிறார். பிறகு EXACT என்ற சூத்திரம் இரண்டையும் ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும் FALSE என்று காட்டும். MUNIANDY என்று நானும் MUNIANDI என்று அவரும் அடித்திருந்தால் உடனே அகப்படும். வெறுமனே ஒருவர் அடித்ததை மற்றவர் படித்துப் பார்ப்பது இந்த அளவுக்குப் பிடிக்காது, ஏனென்றால் தெரிந்த பெயரைக் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும். இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மங்கலான நகலில் I இருப்பதை இருவருமே L என்று படித்துவிட்டால் சூத்திரம் TRUE என்றுதான் சொல்லும். அதனால் கடைசியில் ஒவ்வொரு மாணவரும் தன் வரியைத் தானே பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். மாணவரைவிட அந்தப் பெயரை அதிகம் அறிந்தவர் கிடையாது.

தமிழ்ப் பத்தியிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீதரன் என்ற பெயரில் வரும் 'ஸ்ரீ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்க முடியும். ஒன்று 'ஸ' என்ற எழுத்தில் தொடங்குவது, அதன் எண் 3000. மற்றொன்று 'ஶ' என்ற எழுத்தில் தொடங்குவது, அதன் எண் 2998. இந்த இரண்டாவது எழுத்து யுனிகோடில் 2005-இல்தான் சேர்க்கப்பட்டது. பல எழுத்துருக்களில் இரண்டு 'ஸ்ரீ'களும் ஒரே வடிவமாகத் தெரியும். ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. "பெயர் கண்ணெதிரே இருக்கிறது, கணினி இல்லை என்கிறது" என்று குழம்பினால், UNICODE என்ற சூத்திரத்தைப் போட்டு முதல் எழுத்தின் எண்ணைப் பாருங்கள். இன்னோர் அடையாளமும் உண்டு. உங்கள் மாற்றுப் பட்டியலில் 'ஶ' இல்லை என்றால், வரைவுப் பத்தியில் ரோமன் எழுத்துகளுக்கு நடுவே ஒரு தமிழ் எழுத்து மட்டும் மாறாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி, என்னோடு ஒத்துப்போகாதவர்களுக்கு வருகிறேன். எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் இருக்கிறார். தமிழாசிரியர், நல்ல மனிதர். "லட்சுமி என்ற ஒரே பெயரை Letchumy, Letchimi, Lakshmi என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவது நமக்கே அவமானம் இல்லையா? பள்ளிப் பட்டியலிலாவது ஒரே மாதிரி எழுதலாமே" என்பார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து பெயர் பதியப் போனவர்களில் பலருக்கு ரோமன் எழுத்து தெரியாது. கிராணியோ பதிவு செய்தவரோ காதில் விழுந்ததை எழுதினார். Letchumy என்ற எழுத்துக்கூட்டலைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், லெட்சுமி என்று அந்தப் பாட்டி சொன்ன குரல் அப்படியே அதில் கேட்கும்.

ஆனால் சீராக இருக்க வேண்டும் என்றால் எது சீராக இருக்க வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. அவர் கேட்பது ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். பாரத்துக்கு வேண்டியது ஒரு மனிதருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றது கெடும். பட்டியலில் உள்ள எல்லா லட்சுமிகளையும் Lakshmi ஆக்கினால் பட்டியல் அழகாக இருக்கும். ஆனால் Letchumy என்று பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் மாணவிக்கு, ஐந்து ஆண்டு புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள் ஒரு பெயரிலும் எஸ்.பி.எம். சான்றிதழ் வேறு பெயரிலும் இருக்கும். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் இது நான்தான் என்று அவள் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அழகு நமக்கு, அலைச்சல் அவளுக்கு.

இதில் தந்தை பெயர் இன்னும் மோசம். அண்ணன் பிறப்புப் பத்திரத்தில் Subramaniam, தங்கை பத்திரத்தில் Supramaniam என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அப்பா ஒருவர்தான், பத்திரங்கள் இரண்டு. பட்டியலைப் பார்க்கும் ஆசிரியருக்கு இது தட்டச்சுப் பிழை போலத் தோன்றும். 'Find and Replace' இரண்டு விநாடியில் அதைத் "திருத்திவிடும்". அது பிழை இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் பத்திரத்தில் உள்ளதுதான் சரி. பத்திரத்தையே மாற்ற வேண்டும் என்றால் அதைப் பெற்றோர் தேசியப் பதிவு இலாகாவில் முடிவு செய்து செய்ய வேண்டும். வகுப்பாசிரியர் எக்செல்லில் செய்யும் வேலை அல்ல அது. அதனால்தான் என் கோப்பில் நான்காவது பத்தியைப் பூட்டி வைத்திருக்கிறேன். கடவுச்சொல் போடாமல் அங்கே யாரும் எதையும் மாற்ற முடியாது, நான்கூட.

என் நண்பருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். புதிதாகப் பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் பதியப் போகும் பெற்றோர், வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளின் பத்திரங்களை எடுத்து வைத்து, தந்தை பெயரை அதே எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டு போகட்டும். பெயரின் ழகரத்துக்கு l போடுவதா zh போடுவதா என்று முன்கூட்டியே பேசி வைக்கட்டும். சீர்மையை விதைக்க அதுதான் இடம். உங்களில் யாருக்காவது தம்பியோ தங்கையோ பிறக்கப் போகிறது என்றால், அந்தத் தாளை எழுதிக் கொடுக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

யாழினியின் சான்றிதழை ஏற்பாட்டாளர்கள் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்கள், ஆறு வாரம் பிடித்தது. இந்த ஆண்டுப் பட்டியலில் 51 பேர். வரைவுப் பத்தி முதல் நாளே நிரம்பிவிட்டது. நான்காவது பத்தியில் மூன்று கட்டங்கள் இன்னும் காலி. அதில் ஒன்று ஒரு கணேசன். பத்திர நகலைத் திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். K-யா G-யா என்று அவனிடமே கேட்டேன். "வீட்ல பாத்துட்டு வரேன் டீச்சர்" என்றான்.